வெயில் வேலையில் முதல் ஐந்து நாள்

"புதிதாக வேலைக்கு வந்தவரையோ ஒரு வாரத்துக்கு மேல் ஊருக்குப் போய்த் திரும்பியவரையோ முதல் நாளே முழுநேரமும் வெயிலில் நிறுத்தக் கூடாது." மார்ச் மாதம் பிறந்ததும் எங்கள் கட்டுமானத் தளங்களில் ஒட்டப்படும் பாதுகாப்புச் சுற்றறிக்கையின் முதல் வரி இது. தண்ணீர், நிழல், ஓய்வு ஆகியவை இதற்குப் பின்னரே வருகின்றன. மேஸ்திரிகளும் சைட் இன்ஜினியர்களும் அதிகமாக ஆட்சேபிப்பதும் இந்த வரியைத்தான் என்பதால், பாதுகாப்பு அலுவலர் என்ற முறையில் அதற்கான காரணங்களை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

கடினமான உடலுழைப்பில் உடல் தனக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்குகிறது. ஸ்லாப்பின் மேல் கம்பி சுமந்து, குனிந்து கட்டிக்கொண்டிருப்பவரின் உடலில் உண்டாகும் வெப்பம் ஏறத்தாழ 400 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையைவிட, அதாவது சுமார் 35 டிகிரியைவிடக் கூடிவிட்டால், காற்று உடலிலிருந்து வெப்பத்தை வாங்குவதற்குப் பதிலாக உடலுக்கு வெப்பத்தைக் கொடுக்கத் தொடங்குகிறது. அதன்பின் வியர்வை ஆவியாவது ஒன்றுதான் வழி. அவ்வாறு வெளியேற வேண்டிய வெப்பத்தில் 100 வாட் மட்டும் வெளியேறாமல் உடலிலேயே தங்கிவிடுகிறது என்று கொண்டால், 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் வெப்பநிலை ஒரு மணி நேரத்தில் ஒன்றரை டிகிரிக்கு மேல் உயர்ந்துவிடும். வேலையை நிறுத்தாமல் இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் அவர் 40 டிகிரியைத் தாண்டிவிடுவார். அந்த அளவில் மூளையின் செயல்பாடு குலையத் தொடங்கினால் அதைத்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்கிறோம். காய்ச்சலே இல்லாத ஒரு திடகாத்திரமான இளைஞர் காலையில் நன்றாக இருந்து மாலைக்குள் உயிருக்குப் போராடும் நிலைக்கு வருவது இப்படித்தான்.

உடலிலிருந்து வழிந்து தரையில் சொட்டும் வியர்வையால் பயனில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். வியர்வை தோலின்மேல் ஆவியானால்தான் வெப்பத்தை எடுத்துச் செல்லும். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் அது ஆவியாகாமல் வழியும். வேலூரில் 41 டிகிரி வறண்ட வெயிலில் சட்டை காய்ந்துகொண்டே வேலை செய்பவரைவிட, சென்னையில் 36 டிகிரியில் சட்டை பிழியப் பிழிய நனைந்து நிற்பவர் அதிக ஆபத்தில் இருக்கக்கூடும். ஆகவே செய்தியில் சொல்லப்படும் வெப்பநிலையை மட்டும் பார்த்து "இன்று அவ்வளவு வெயில் இல்லை" என்று முடிவு செய்வது தவறு. மே மாதத்தில் மேற்குக் காற்று வலுத்துக் கடற்காற்று தாமதமாகும் நாட்களும், காற்றே புகாத அடித்தளத்தில் பூச்சு வேலை நடக்கும் நாட்களும் என் கணக்கில் கடுமையான நாட்களே. அடித்தளத்தில் தலைமேல் வெயில் இல்லாததால் யாரும் எச்சரிக்கையாக இருப்பதில்லை.

இனி, புதியவருக்கு மட்டும் ஏன் தனி விதி என்ற கேள்விக்கு வருவோம். வெயிலில் தொடர்ந்து வேலை செய்யும்போது உடல் ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்குள் தன்னை மாற்றிக்கொள்கிறது. வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது, அதிகமாகச் சுரக்கிறது, அதில் போகும் உப்பும் குறைகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால் அதே வேலைக்கு இதயம் குறைவாகத் துடித்தால் போதும். பழகிய தொழிலாளியும் நேற்று ரயிலில் வந்து இறங்கியவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே வேலையைச் செய்தாலும், இருவருடைய உடலும் ஒரே வேலையைச் செய்யவில்லை என்பதே உண்மை. இந்தப் பழக்கம் நிரந்தரமானதும் அல்ல. ஒரு வாரம் விலகியிருந்தாலே குறையத் தொடங்கி, ஒரு மாதத்தில் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். திருவிழாவுக்கோ அறுவடைக்கோ ஊருக்குப் போய்த் திரும்பிய அனுபவசாலியும் இந்த விதிக்குள் வருவது அதனால்தான்.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் அளவையே நாங்கள் பின்பற்றுகிறோம். புதியவர் முதல் நாளில் வழக்கமான வெயில் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் செய்வார். ஒவ்வொரு நாளும் இன்னொரு பங்கு கூடி, ஐந்தாம் நாளில் முழு வேலைக்கு வருவார். இதே வேலையை முன்பு செய்து, இடைவெளிக்குப் பின் திரும்பியவருக்கு முதல் நாளில் பாதி, பிறகு 60, 80, 100 சதவீதம். எட்டு மணி நேர வேலையில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். மீதி நேரம் சும்மா உட்கார வைக்க வேண்டும் என்பது பொருளல்ல. கம்பி வேலையாட்களாக இருந்தால் தகரக் கொட்டகை நிழலில் ரிங் வளைப்பது, கட்டுக்கம்பி வெட்டி வைப்பது, கவர் பிளாக் எடுத்து அடுக்குவது ஆகிய வேலைகள் எப்போதும் இருக்கும்.

நடைமுறையில் இந்த விதி உடைவது சோம்பலாலோ அலட்சியத்தாலோ அன்று. கூலி கணக்கிடப்படும் முறையால்தான். கம்பி வேலை பெரும்பாலும் டன் கணக்கில் பேசப்படுகிறது. குழுவில் ஒருவர் நிழலில் இருந்தால் அவருக்கும் சேர்த்து மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதால் புதியவர் தானாகவே வெயிலுக்கு வந்து நிற்பார். தலை சுற்றினாலும் சொல்ல மாட்டார். எனவே புதியவரின் முதல் ஐந்து நாட்களுக்கு நாள்கூலி கொடுத்து, டன் கணக்கிலிருந்து அவரை விலக்கி வைக்கும்படி ஒப்பந்தக்காரரிடம் வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. என் அனுபவத்தில் எந்த எச்சரிக்கைப் பலகையையும்விட இந்த ஒரு ஏற்பாடு அதிகம் பயன் தந்திருக்கிறது.

சென்னையின் புறநகரில் ஒரு அடுக்குமாடித் தளத்தில் நடந்ததைச் சொன்னால் இது தெளிவாகும். பீகாரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், வந்த இரண்டாம் நாளே நான்காம் மாடி ஸ்லாப்பில் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவர் கட்டிய வரிசையில் கம்பிகளின் இடைவெளி கோணலாகப் போயிருந்தது. முடிச்சுப் போடும் கொக்கி இரண்டு முறை கையிலிருந்து நழுவியது. மேஸ்திரி அதட்டியபோது சம்பந்தமில்லாத ஏதோ ஒரு பதிலைச் சொன்னார். குடித்திருக்கிறார் என்றே பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். உடல் வியர்வையில் குளித்திருந்தது. நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானி 37 டிகிரிக்குச் சற்று மேலே காட்டியது.

இதில் இரண்டு தவறான நம்பிக்கைகள் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. ஹீட் ஸ்ட்ரோக் வந்தால் வியர்வை நின்று தோல் வறண்டுவிடும் என்பது முதியவர்களுக்கு வீட்டுக்குள் வரும் வகைக்குப் பெரும்பாலும் பொருந்தும். உழைக்கும்போது வருவதில் வியர்வை ஓடிக்கொண்டே இருக்கலாம். நெற்றியிலும் அக்குளிலும் எடுக்கும் அளவோ நனைந்த தோலின் வெப்பத்தையே காட்டுகிறது, உள்ளுறுப்புகளின் வெப்பத்தைக் காட்டுவதில்லை. ஆகவே தளத்தில் நம்ப வேண்டிய அடையாளம் புத்தி தடுமாறுவது: குழறிய பேச்சு, பொருந்தாத பதில், காரணமில்லாத கோபம், தள்ளாட்டம். பெயரையும் ஊரையும் அவருடைய மொழியிலேயே கேளுங்கள். வெயிலில் உழைத்தவர் அதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை என்றால், வேறு காரணம் உறுதியாகும் வரை அதை ஹீட் ஸ்ட்ரோக் என்றே கொள்ள வேண்டும்.

அடுத்து, அவரைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஓடத்தான் எல்லோருக்கும் தோன்றும். அந்தத் தளத்திலும் கார் தயாராக நின்றது. ஆனால் புறநகர்ச் சாலை நெரிசலில் முக்கால் மணி நேரம் சூடாகவே கிடந்தால் மூளைக்கும் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆகும் சேதத்தைப் பின்னர் எந்த மருத்துவமனையாலும் முழுமையாகத் திருப்ப முடியாமல் போகலாம். முதல் அரை மணி நேரத்துக்குள் வெப்பத்தை 40 டிகிரிக்குக் கீழே கொண்டுவருவதே உயிரைக் காக்கிறது. அதனால் ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றவர்கள் அவரை நிழலுக்கு இறக்கித் தார்ப்பாயின் நடுவில் படுக்க வைத்தார்கள். ஆறு பேர் ஓரங்களைத் தூக்கித் தொட்டிபோல் பிடித்துக்கொள்ள, தலை மட்டும் வெளியே இருக்கும்படி ஒருவர் தாங்கிக்கொண்டார். சம்ப்பிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீரும், கேண்டீனில் இருந்த ஐஸ் கட்டிகளும் உள்ளே கொட்டப்பட்டன. ஒருவர் கையால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார், இல்லையென்றால் உடலை ஒட்டிய தண்ணீர் சூடாகி அங்கேயே தங்கிவிடும். மாடியில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் தண்ணீரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. பிற்பகலில் அதுவே கொதித்துக்கொண்டிருக்கும்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் தன் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டார். நினைவு தெளியாத வரை வாயில் தண்ணீர் ஊற்றவில்லை, மூச்சுக்குழாயில் புகுந்துவிடும். பாராசிட்டமாலும் கொடுக்கவில்லை. காய்ச்சலில் மூளையே உடலின் வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது, மாத்திரை அதைத் தணிக்கிறது. இங்கோ வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கி நிற்பதால் மாத்திரைக்கு வேலை இல்லை, ஏற்கெனவே பாதிக்கப்பட்ட கல்லீரலுக்குச் சுமைதான். மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்து, தசை சிதைவால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று சில நாட்கள் கண்காணித்த பிறகே அனுப்பினார்கள்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் குடிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம், வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே ஆபத்தாகும். நீர்மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ இடையிடையே கொடுக்கலாம். பெண் தொழிலாளர்கள் தண்ணீர் குடிக்கத் தயங்கினால் முதலில் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். அது தொலைவிலோ தாழ்ப்பாள் இல்லாமலோ இருக்கும் தளத்தில் சித்தாள்கள் காலையிலிருந்தே வாயை நனைத்துக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் பழகாத உடல் முழு வேலையைத் தாங்காது என்பதால், இதை முதல் வரிக்கு மாற்றாகக் கருத முடியாது.

2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. பேரிடர் என்ற அறிவிப்பு இழப்பீட்டுக்கு உதவும். ஸ்லாப்பின் மேல் நிற்பவரைக் காப்பது அன்று காலை மேஸ்திரி எடுக்கும் வருகைப் பதிவுதான். அதில் புதியவரின் பெயருக்கு எதிரே அவர் வந்து எத்தனையாவது நாள் என்பதை எழுத வேண்டும், ஐந்து நாள் முடியும் வரை அவருக்கு வேறு நிறத் தலைக்கவசம் தர வேண்டும், பழகிய ஒருவரை அவரோடு இணைத்து விட வேண்டும். ஹீட் ஸ்ட்ரோக்கிலிருந்து மீண்டவர் மருத்துவரின் எழுத்துபூர்வ அனுமதியுடன் திரும்பும்போது, எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், அந்தப் பதிவேட்டில் அவருக்கு எதிரே மீண்டும் முதல் நாள் என்றே குறிக்கப்படும்.