கார் டெலிவரி தாமதம்: டீலருக்கு அனுப்பும் ரத்துக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

புக் செய்த கார் வரவில்லை, கொடுத்த முன்பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள் என்று என்னிடம் வருகிறவர்களிடம், டீலருக்குக் கடைசியாக என்ன எழுதி அனுப்பினீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் காட்டுவார்கள்: "புக்கிங்கை கேன்சல் பண்ணிடுங்க, பணத்தை அனுப்பிடுங்க." வழக்கறிஞராக நான் கவலைப்படுவது இந்த ஒரு வரியைப் பார்த்துத்தான்.

ஆர்டர் பாரத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இரண்டு நிபந்தனைகளை வழக்கமாகப் பார்க்கலாம். டெலிவரி தேதி உத்தேசமானது என்பது ஒன்று. வாடிக்கையாளர் ரத்து செய்தால் குறிப்பிட்ட தொகை பிடிக்கப்படும் என்பது இன்னொன்று. காரணம் சொல்லாமல் ரத்து செய்யச் சொன்னால், மனம் மாறி விலகியவராக உங்களைக் காட்டி, இரண்டாவது நிபந்தனையை டீலர் கையில் எடுப்பார். உண்மையில் சொன்ன நேரத்தில் காரைத் தராமல் ஒப்பந்தத்தை மீறியவர் அவர். நீங்கள் விலகுவது அந்த மீறலால்தான் என்பது கடிதத்தில் இருக்க வேண்டும்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 55-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. குறித்த காலத்துக்குள் செய்து முடிப்பது அந்த ஒப்பந்தத்துக்கு முக்கியமானது என்றால், காலம் தவறியதும் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை மற்றவருக்கு வந்துவிடுகிறது. காலம் அவ்வளவு முக்கியம் அல்ல என்றால், தாமதத்தால் ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடு கேட்கலாமே தவிர, அந்தத் தாமதத்தை மட்டும் காட்டி ரத்து செய்ய முடியாது. "உத்தேச தேதி" என்று பாரத்தில் அச்சடிப்பதற்கான காரணம் இதிலிருந்தே புரியும். ஆனால் உத்தேசம் என்றால் எப்போது வேண்டுமானாலும் தரலாம் என்று பொருளாகாது. நியாயமான ஒரு காலக்கெடு கொடுத்து, அதற்குள் தராவிட்டால் ரத்து செய்வேன் என்று எழுத்தில் தெரிவித்துவிட்டால், அந்தக் கெடுவுக்குப் பிறகு உங்கள் நிலை பலமாகிறது. ஆகவே ரத்துக் கடிதத்துக்கு முன்னால் கெடு வைக்கும் கடிதம் ஒன்று போவது நல்லது.

ஓர் ஆசிரியையின் வழக்கைச் சொல்கிறேன். ஜனவரி 3 அன்று 50,000 ரூபாய் முன்பணம் கட்டியிருந்தார். பாரத்தில் விற்பனையாளரே கைப்பட "8 வாரம்" என்று எழுதியிருந்தார். அதன்படி பிப்ரவரி 28-க்குள் கார் வந்திருக்க வேண்டும். மார்ச் முழுக்க "அடுத்த வாரம் மேடம்" என்ற செய்திகள்தான் வந்தன. ஏப்ரல் 10 அன்று, 25-ஆம் தேதிக்குள் காரைத் தாருங்கள், இல்லையென்றால் ரத்து செய்வேன் என்று மின்னஞ்சல் அனுப்பினார். 24-ஆம் தேதி டீலரிடமிருந்து பதில் வந்தது: உற்பத்தி தாமதம், ஜூனில் எதிர்பார்க்கலாம், வேறு நிறம் என்றால் உடனே கிடைக்கும், ரத்து செய்தால் 10,000 ரூபாய் பிடிக்கப்படும்.

கெடு முடிந்தபின், 27-ஆம் தேதி அவர் அனுப்பிய பதிலின் சாரம் இது:

"உங்கள் ஏப்ரல் 24 தேதியிட்ட மின்னஞ்சல் கிடைத்தது. ஜனவரி 3 அன்று இந்த ஆர்டருக்காக ரூ. 50,000 செலுத்தி, ரசீது பெற்றுள்ளேன். 8 வாரத்தில் டெலிவரி என்று ஆர்டர் பாரத்தில் நீங்கள் எழுதித் தந்தீர்கள். அந்தக் காலம் பிப்ரவரி 28 அன்று முடிந்தது. ஏப்ரல் 25 வரை மேலும் அவகாசம் தந்தேன். அதற்குள்ளும் கார் வரவில்லை. எனக்கென்று ஒதுக்கப்பட்ட காரின் சேசிஸ் எண்ணும் இதுவரை தரப்படவில்லை. வேறு நிறத்தை நான் ஏற்கவில்லை. ஜூன் வரை நீட்டிக்கவும் சம்மதிக்கவில்லை. நீங்கள் டெலிவரி தரத் தவறியதால் இந்த ஆர்டரை ரத்து செய்கிறேன். இது என் சொந்த விருப்பத்தால் செய்யும் ரத்து அல்ல. எனவே பிடித்தம் பற்றிய நிபந்தனை இதற்குப் பொருந்தாது. முழுத் தொகையையும், நான் பணம் அனுப்பிய அதே வங்கிக் கணக்கில் 15 நாட்களுக்குள் செலுத்துங்கள். தவறினால் வட்டி, இழப்பீடு, செலவுத்தொகை கேட்டு நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்."

இதில் கோபமான சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். வேறு நிறத்தையும் ஜூனையும் மறுக்கும் வரிகளைப் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள். டீலர் புதுத் தேதி சொல்லும்போது பேசாமல் இருந்துவிட்டால், நீங்கள் அதற்கு ஒத்துக்கொண்டீர்கள் என்று பின்னால் வாதிடுவார். சேசிஸ் எண்ணைப் பற்றிய வரிக்கும் வேலை உண்டு. ரத்துக் கடிதம் போனபின், "உங்கள் பெயரில் வண்டி எப்போதோ வந்துவிட்டது, நீங்கள்தான் எடுக்கவில்லை" என்று பதில் வருவதை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் சொன்னால் எந்த வண்டி, எந்தத் தேதியில் ஒதுக்கினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். நீங்கள் வைத்த கெடுவுக்குள் சரியான மாடல், சரியான நிறத்தில் வண்டி தயார் என்று டீலர் சொல்லிவிட்டால், தாமதத்தைக் காரணம் காட்டி விலகுவது கடினம். கடன் வராததாலோ வேறு கார் பிடித்துவிட்டதாலோ விலகினாலும் இந்த வாதம் எடுபடாது. பிடித்தம் நியாயமான அளவில்தானா என்று மட்டுமே அப்போது வாதாட முடியும்.

கடிதத்தை ஷோரூமின் மின்னஞ்சலுக்கும், ஸ்பீட் போஸ்டில் ரசீதில் உள்ள முகவரிக்கும் அனுப்புங்கள். பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு முதலில் ரசீது கொடுத்தவருடையது. டீலரும் கார் தயாரிக்கும் கம்பெனியும் வேறு வேறு நிறுவனங்கள். ஆனாலும் கம்பெனிக்கு ஒரு நகல் போனால் டீலர் சற்று வேகமாக அசைவார். கார் கடன் அனுமதியாகியிருந்தால், பணத்தை விடுவிக்க வேண்டாம் என்று வங்கிக்கும் அன்றே எழுதிவிடுங்கள். ஏற்கெனவே விடுவித்துவிட்டால் அந்தத் தொகை டீலரிடம் கிடக்க, வட்டி உங்கள் தலையில் ஏறும்.

அந்த ஆசிரியையைப் பணம் தருவதாகச் சொல்லி ஷோரூமுக்கு அழைத்தார்கள். கையெழுத்துக்காக நீட்டிய ரத்துப் படிவத்தில், காரணம் என்ற இடத்தில் "சொந்தக் காரணம்" என்று முன்பே அச்சாகியிருந்தது. அதை அடித்து, "டெலிவரி தாமதம், ஏப்ரல் 27 கடிதத்தின்படி" என்று எழுதிக் கையெழுத்திட்டார். படிவத்தைப் படம் எடுத்துக்கொண்டார். அசல் ரசீதைக் கேட்டபோது நகலை மட்டும் கொடுத்தார். பிடித்தம் இல்லாமல் முழுத் தொகையும் அவர் கணக்குக்கு வந்தது.

அப்படி வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்யலாம். அது சமரச முயற்சிதான், உத்தரவு போடும் அதிகாரம் அதற்கில்லை. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போக வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஷோரூம் வேறு ஊரில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆர்டர் பாரத்தின் இரு பக்கங்கள், ரசீது, பணம் போன வங்கிப் பதிவு, இரண்டு கடிதங்கள், தபால் ரசீது ஆகியவற்றோடு, "அடுத்த வாரம் மேடம்" என்று வந்த செய்திகளையும் தேதி தெரியும்படி அச்செடுத்து இணையுங்கள்.