ஞாய்: யாருடைய தாய்?

‘யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்’

குறுந்தொகையின் 40ஆம் பாட்டு இப்படித் தொடங்குகிறது. எல்லாரும் செம்மண்ணில் கலந்த மழைநீரிடம் போய் நின்றுவிடுவதால், முதல் அடியின் ‘ஞாய்’ கவனிக்கப்படாமலே கடந்துபோகிறது.

1937இல் வந்த உ. வே. சாமிநாதையர் பதிப்பு இச்சொல்லை நின் தாய் என்றும், ‘யாய்’ என்பதை என் தாய் என்றும் பொருள் கொள்கிறது. யாருடைய தாய் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் பாட்டில் ‘என்’, ‘உன்’ என்று தனியாக எதுவும் வரவில்லை. சில எளிய உரைகளில் ‘ஞாய் - தாய்’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். அதை நம்பிப் படித்தால் “தாயும் தாயும் யார்?” என்று வரும். கேள்வி கேட்பவன் தலைவன், எதிரே நிற்பவள் தலைவி என்பதே அதில் காணாமல் போகும். அருஞ்சொல்லுக்கு ஒற்றைச் சொல்லில் பொருள் எழுதும்போது நேர்கிற இழப்பு இது.

அடுத்த அடியிலும் இதே அமைப்புதான். எந்தை என் தந்தை, நுந்தை உன் தந்தை. இந்த நுந்தையை இலக்கணக்காரர்களும் விடவில்லை. மொழிக்கு முதலில் குற்றியலுகரம் வருவது ஒரு முறைப்பெயரில் மட்டுமே என்கிறது தொல்காப்பியம். அந்தப் பெயர் நுந்தை என்று உரையாசிரியர்கள் காட்டுகிறார்கள். அதன் ‘நு’வை முழு மாத்திரை ஒலிக்காமல் குறுக்கிச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்படியென்றால் தாயும் தந்தையும்? அவை மூன்றாம் ஆளுக்கு உரியவை: அவன் தாய், அவள் தந்தை. தம்பியும் இந்த வரிசைதான். என் தம்பி எம்பி, உன் தம்பி உம்பி. இரண்டையும் கம்பராமாயணத்தில் காணலாம். தங்கைக்கும் எங்கை, நுங்கை என்ற துணைகள் இருந்தன. காலப்போக்கில் மூன்றாம் ஆள் வடிவமே பொதுப்பெயராகி மற்றவற்றைப் பேச்சிலிருந்து தள்ளிவிட்டது. இன்று ‘என் தம்பி’ என்கிறோமே, பழைய கணக்கில் அது ‘என் அவன்-தம்பி’! யாரும் சிரிப்பதில்லை.

எந்தை மட்டும் பக்திப் பாடலில் தங்கியது. பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டில் ‘எந்தை தந்தை தந்தை’ என்று வருகிறது. முதலில் நிற்பது என் தந்தை; அடுத்தது அவர் தந்தை; அதற்கடுத்தது அவருடைய தந்தை. இடையில் ‘அவருடைய’ என்ற சொல்லே தேவைப்படவில்லை. ஞாய்க்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. இன்றைய பேச்சில் அதற்கு நேர் ‘உன் அம்மா’ என்ற இரண்டு சொற்கள்தான்.