சார்ஜ் மேடையைத் தவறவிடும் ரோபோவும் ஒரு ஏ4 தாளும்

இந்த ஆறு மாதத்தில் இது ஐந்தாவது வீடு. காரைக்குடியை அடுத்த ஓர் ஊரில், விடுதியாக மாற்றப்பட்ட பழைய செட்டிநாட்டு வீடு. தரை துடைக்கும் ரோபோ பகல் முழுவதும் ஒழுங்காக வேலை செய்கிறது. இரவில் சார்ஜ் மேடைக்குத் திரும்பி, நேராகவே வந்து, கடைசி நொடியில் அதை முட்டித் தள்ளுகிறது. காலையில் பார்த்தால் பேட்டரி காலி. மோட்டாரை மாற்றுங்கள் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலைப்பாடு கேமராவைக் குழப்புகிறது, தரையில் கம்பளம் விரியுங்கள் என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். கண்ணாடிப் பலகையின் மேல் கையால் வார்த்தெடுத்த அந்தக் கற்களைக் கம்பளத்தால் மூடுவதற்கு விலைகூட விசாரித்துவிட்டார்கள்.

தரையின் மேல் குற்றமில்லை. மேடைக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கும் கறுப்பு வெள்ளைச் சதுர மார்க்கரில், கறுப்பு விளிம்புக்கு உள்ளே 36 கட்டங்கள் உள்ளன. ஏப்ரல்டேக் எனப்படும் வகையில் `tag36h11` என்ற குடும்பம் அது. அதில் 587 மார்க்கர்கள் உண்டு. எந்த இரண்டை எடுத்தாலும் குறைந்தது 11 கட்டங்களில் வேறுபடும். ஒரு பூக்கல் தற்செயலாக அவற்றில் ஒன்றைப் போலத் தோன்றிவிடுவது மிக அரிது.

“மார்க்கரை ரோபோ சரியாகப் படிக்கிறதே சார், திரையில் எண்கூட வருகிறது. பிறகு எப்படி மார்க்கரில் கோளாறு இருக்கும்?” என்று மேலாளர் கேட்டார். எல்லா வீட்டிலும் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஆகவே எழுதிவைக்கிறேன்.

கடையில் பணம் செலுத்தக் காட்டும் கியூஆர் குறியீட்டைப் படித்தால் வேலை முடிந்தது. அது பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும் தொகை மாறாது. ரோபோவுக்கு மார்க்கர் அப்படிப்பட்டதல்ல. சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்று எண்ணித்தான் ரோபோ தன் இடத்தைக் கணக்கு வைக்கிறது. வழுக்கும் தரையில் அந்தக் கணக்கு நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகும். மேடைக்கு அருகில் வந்ததும் மார்க்கரைப் பார்த்து, தான் நிற்கும் இடத்தையும் திசையையும் திருத்திக்கொள்கிறது. மார்க்கரில் உள்ள எண், அது எந்த மேடை என்று மட்டும்தான் சொல்லும். தூரத்தைச் சொல்வது, கறுப்புச் சதுரம் கேமராவில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான். அதாவது, அது ஓர் அளவுகோல். அளவுகோலே சுருங்கிப் போயிருந்தால் எண் ஒழுங்காகத்தான் வரும், தூரம் தவறாக வரும்.

அந்த வீட்டில் நடந்ததும் அதுவே. ரோபோவின் அமைப்புக் கோப்பில் மார்க்கரின் அளவு 160 மில்லிமீட்டர் என்று எழுதப்பட்டிருந்தது. நான் எஃகு ஸ்கேலை வைத்துக் கறுப்பின் வெளிவிளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை அளந்தேன். 150. சுற்றிலும் ஒரு கட்ட அகலத்துக்கு வெள்ளை ஓரம் வேண்டும் என்பதால், 160 மில்லிமீட்டர் மார்க்கருக்கு மொத்தம் 200 மில்லிமீட்டர் தேவை. ஏ4 தாளின் அகலமே 210தான். அச்சுக் கடையில் பக்கத்துக்குள் அடங்குமாறு என்ற தேர்வோடு அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்கள். பத்து மில்லிமீட்டர் சுருங்கியது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

இதை உறுதிசெய்ய டேப் ஒன்று போதும். ரோபோவை நிறுத்தி, கேமராவின் கண்ணாடியிலிருந்து மார்க்கர் வரை சரியாக 100 சென்டிமீட்டர் அளந்து வைத்தேன். திரையில் 106.7 என்று வந்தது. 50 சென்டிமீட்டரில் வைத்தேன். 53.3 வந்தது. பிழை தூரத்தோடு சேர்ந்து வளர்கிறது. 160ஐ 150 ஆல் வகுத்தால் வரும் விகிதமும் அதுவே. இரண்டு இடத்திலும் ஒரே மூன்று சென்டிமீட்டர் வேறுபட்டிருந்தால், கேமரா பொருத்தப்பட்ட இடத்தைத் தவறாகக் குறித்திருக்கிறார்கள் என்று சந்தேகித்திருப்பேன். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மோட்டாருக்கு ஆர்டர் கொடுப்பதுதான் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

ஒட்டி நிற்கும்போது கேமராவுக்கும் மார்க்கருக்கும் 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். உண்மையில் 25 வந்தபோது ரோபோ அதை 26.7 என்று நினைக்கிறது. இன்னும் தொலைவு இருக்கிறதென்று 16 மில்லிமீட்டர் கூடுதலாக முன்னேறுகிறது. சார்ஜ் முனைகளின் ஸ்பிரிங் சில மில்லிமீட்டர்தான் அமுங்கும். மீதி வேகத்துக்கு மேடை பின்னால் நகர்ந்தது. சுவரோரம் கல்லின் மீது மெல்லிய கீறல் கோடு விழுந்திருந்ததை வீட்டு ஆச்சிதான் முதலில் காட்டினார்கள்.

அப்போதைக்கு அமைப்பில் மீட்டர் கணக்கில் 0.150 என்று திருத்தியதும் டேப்பும் திரையும் ஒத்துப்போயின. பிறகு ஏ4 தாளுக்குள் தாராளமாக அடங்கும்படி 140 மில்லிமீட்டரில் புதிதாக அச்சிட்டு, அளந்து பார்த்து, இப்படி எழுதினேன்:

```yaml
family: 36h11
size: 0.140
```

வெள்ளை ஓரத்தையும் சேர்த்து அளந்து 0.175 என்று எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதிய வீட்டையும் பார்த்திருக்கிறேன். அங்கே தூரம் கால் பங்கு கூடுதலாக வந்தது. வெள்ளை ஓரம் அழகுக்கு வேண்டாம் என்று கத்தரித்தும் விடாதீர்கள். தேக்குக் கதவின் மீது ஒட்டினால், ஓரமில்லாத கறுப்பு எங்கே முடிகிறது, கரிய மரம் எங்கே தொடங்குகிறது என்று கேமராவுக்குத் தெரியாது.

அளவைத் திருத்திய பிறகும் சில இரவுகளில் ரோபோ கோணலாக வந்து நின்றது. இது வேறு பிரச்சினை. மார்க்கருக்கு நேர் எதிரே நின்றால் துல்லியம் அதிகம் என்று பலர் நம்புகிறார்கள். தூரத்துக்கு அது சரி, கோணத்தைக் கணிக்க நேர் எதிரே நிற்பதுதான் மோசமான இடம். அந்தக் கேமராவில் ஒன்றரை மீட்டர் தொலைவில் 140 மில்லிமீட்டர் மார்க்கர் 56 பிக்சல் அகலம் தெரிகிறது. ரோபோ நிற்கும் இடம் மார்க்கரின் நேர்க்கோட்டிலிருந்து 5 டிகிரி விலகியிருந்தால் அந்த அகலம் அரை பிக்சல்கூடக் குறையாது. விலகியது இடப்பக்கமா வலப்பக்கமா என்பதை, இரண்டு பக்க விளிம்புகளின் உயர வேறுபாட்டை வைத்துத்தான் சொல்ல முடியும். அதுவும் அரை பிக்சல் அளவே. அதனால் ஒரு படத்தில் கூட்டல் 5, அடுத்த படத்தில் கழித்தல் 5 என்று கோணம் தாவும். தூரம் அசையாமல் நிற்க, கோணம் மட்டும் குறி மாறித் தாவினால் இதுதான் நோய். 50 சென்டிமீட்டருக்குள் வந்தால் அதே வேறுபாடு நான்கு பிக்சல் ஆகிவிடும், தாவல் அடங்கிவிடும்.

அங்கே மேடையின் இரு பக்கமும் 40 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு மார்க்கர்களை வைத்தேன். ஒவ்வொன்றின் இடத்தையும் தனியே கண்டு, இரண்டையும் இணைக்கும் கோட்டிலிருந்து திசையை எடுக்கச் செய்தேன். ஒரு மார்க்கர்தான் வைக்க முடியும் என்றால், தொலைவில் கிடைக்கும் கோணத்தை நம்பி வண்டியைத் திருப்பாதீர்கள். அருகே வந்ததும் நிறுத்தி, பல படங்களைப் பார்த்த பிறகு திருப்புங்கள்.

பளபளக்கும் லேமினேஷன் வேண்டவே வேண்டாம். வளவு முற்றத்தில் உச்சி வெயில் இறங்கும்போது அந்தப் பளபளப்பு கறுப்பையே வெள்ளையாக்கிவிடும். குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் ரோபோ மேடையைக் காணவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள். மங்கல் தாளில் அச்சிட்டு, மழைக்காலத்தில் சுருளாத தட்டையான பலகையில் ஒட்டுங்கள்.

இன்னொன்று, இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். ஆயுத பூஜைக்கு மேடைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதை நான் தடுக்கவில்லை. உள்கட்டத்தில் ஒரு பொட்டு விழுந்தாலும் எண் பெரும்பாலும் படிக்கப்பட்டுவிடும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் கறுப்பின் விளிம்பில் சந்தனம் வழிந்தால் கேமரா போடும் விளிம்புக் கோடு சாயலாம், அளவும் அதோடு சாயும். பொட்டை மேடையின் பக்கவாட்டில் வையுங்கள், ஆச்சி அங்கேதான் வைத்தார்கள்.

என்னை அழைப்பதற்கு முன் கறுப்புச் சதுரத்தின் மேல் எஃகு ஸ்கேலை வைத்து ஒரு புகைப்படமும், அமைப்பில் எழுதியிருக்கும் `size` எண்ணும் அனுப்புங்கள்.