இரவுப் பணியாளருக்கு இருட்டைப் பரிசளிப்பது

இரவுப் பணியில் இருக்கும் உறவினருக்கோ நண்பருக்கோ பரிசு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அவர் விழித்திருக்க உதவும் பொருளைத்தான் தேடுகிறார்கள். நல்ல காபித்தூள், சூடு ஆறாத ஃபிளாஸ்க், மேசை விளக்கு என்று அந்தப் பட்டியல் போகும். ஆனால் அவருக்கு உண்மையில் பற்றாக்குறையாக இருப்பது பகல் தூக்கம். ஒரு தனியார் மருத்துவமனையில் இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை பணிபுரியும் செவிலியரை எடுத்துக்கொள்வோம். அரை மணி நேரம் ஸ்கூட்டர் ஓட்டி வீடு திரும்பி, குளித்து, இட்லி சாப்பிட்டு, ஒன்பதரை மணிக்குப் படுக்கிறார். படுத்த உடனே தூங்கியும் விடுகிறார். ஆனால் பகல் ஒரு மணிக்கெல்லாம் விழிப்பு வந்து, உடல் முழுவதும் அசதி இருந்தாலும் மறுபடி கண் மூட முடிவதில்லை.

இதற்குக் காரணம், தூக்கத்தை ஒன்றல்ல, இரண்டு ஏற்பாடுகள் கட்டுப்படுத்துவதுதான். சுவிட்சர்லாந்து ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெய் 1982-இல் இதைத் தெளிவாக வகுத்துக் காட்டினார். முதலாவது, விழித்திருக்கும் நேரம் கூடக்கூட உடலில் ஏறிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம். மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்வது இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. இரண்டாவது, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ள ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களால் ஆன உடல் கடிகாரம். செவிலியர் ஒன்பதரை மணிக்குத் தூங்குவது முதலாவதன் தயவால். மூன்று மணி நேரத்தில் அந்த அழுத்தத்தின் பெரும்பகுதி கரைந்துபோக, ‘இது பகல், எழுந்திரு’ என்று கடிகாரம் கொடுக்கும் குரலை மறைக்க ஆளில்லாமல் போகிறது.

இந்தக் கடிகாரத்தைத் தினமும் நேரம் திருத்துவது வெளிச்சம். பார்வைக்கான அணுக்கள் தவிர, மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட தனி வகை அணுக்கள் நமது விழித்திரையில் இருக்கின்றன. அவை உருவங்களைக் காட்டுவதைவிட, எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பதைக் கடிகாரத்துக்கு அறிவிப்பதையே முதன்மையான வேலையாகக் கொண்டவை. ஏறத்தாழ 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு அவை மிகவும் கூர்மையாகப் பதிலளிக்கின்றன. வெளிச்சம் எவ்வளவு பட்டது என்பதோடு, எந்த நேரத்தில் பட்டது என்பதும் சமமாக முக்கியம். வழக்கமாக இரவு 11 மணிக்குப் படுத்துக் காலை 7 மணிக்கு எழும் ஒருவரின் உடல் வெப்பம் விடியற்காலை 4, 5 மணி வாக்கில் மிகவும் தாழ்ந்திருக்கும்; தூக்கக் கலக்கம் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். அந்தத் தாழ்நிலைக்கு முன் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்தள்ளுகிறது. அதற்குப் பின் படும் வெளிச்சம் அதை முன்னுக்கு இழுக்கிறது.

செவிலியரின் கதை இங்கேதான் சிக்கலாகிறது. அவருக்குத் தேவைப்படுவது கடிகாரம் சில மணி நேரமாவது பின்னுக்குப் போய், அந்தத் தாழ்நிலை அவருடைய தூக்க நேரத்துக்குள் வந்து விழுவது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். பணி நேரத்தில் வார்டு விளக்குகள் தரும் சில நூறு லக்ஸ் வெளிச்சம் கடிகாரத்தைக் கொஞ்சம் பின்தள்ளவும் செய்கிறது. ஆனால் காலை எட்டரை மணிக்கு அவர் வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டும்போது கண்ணில் படுவது பல்லாயிரம் லக்ஸ். அந்த அரை மணி நேரம், இரவெல்லாம் நடந்த சிறு நகர்வை அழித்துவிட்டுக் கடிகாரத்தைப் பழைய இடத்திலேயே நிறுத்திவிடுகிறது.

ஆகவே தொடர்ந்து இரவுப் பணி பார்ப்பவருக்கு முதல் பரிசாக நான் சொல்வது ஒரு நல்ல கூலிங் கிளாஸ். சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் சார்மேன் ஈஸ்ட்மேன் குழுவினர் நடத்திய ஆய்வுகளில், பணியின்போது விட்டுவிட்டுப் பிரகாசமான வெளிச்சம், வீடு திரும்பும் வழியில் கறுப்புக் கண்ணாடி, உறங்க இருட்டறை ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பணி நாளில் காலை எட்டரை மணி முதல் பிற்பகல் மூன்றரை மணி வரையிலும், விடுப்பு நாளில் விடியற்காலை 3 மணி முதல் நண்பகல் வரையிலும் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். கடிகாரத்தை முழுவதும் தலைகீழாகத் திருப்புவது அவர்கள் நோக்கமல்ல. தாழ்நிலையைக் காலை 10 மணி வாக்கில் நிறுத்திவிட்டால் அது இரண்டு வகை நாட்களிலும் தூக்கத்துக்குள் அடங்கும். விடுப்பு நாளில் பிற்பகலிலிருந்து குடும்பத்தோடும் இருக்கலாம்.

கண்ணாடி வாங்குவதில் சில நுணுக்கங்கள் உண்டு. பக்கவாட்டிலும் நெற்றிக்குக் கீழும் இடைவெளி விடாமல் முகத்தோடு வளைந்து பொருந்தும் வடிவம் வேண்டும். ஹெல்மெட்டுக்குள் நுழைகிறதா என்று அவரையே போட்டுப் பார்க்கச் சொல்வது நல்லது. கறுப்புக் கண்ணாடிகளை அவை உள்ளே விடும் ஒளியின் அளவை வைத்துப் பிரிவு எண் கொடுக்கிறார்கள். பிரிவு 3 என்றால் 8 முதல் 18 விழுக்காடு ஒளி உள்ளே வரும். வெயிலில் ஓட்டுவதற்கு இது போதும். பிரிவு 4 அதைவிடக் கறுப்பு என்பதால் அதுவே மேல் என்று தோன்றலாம், ஆனால் அதை அணிந்து வண்டி ஓட்டக் கூடாது. கண்ணாடிக் கடைகளில் ‘ப்ளூ கட்’ என்று விற்கப்படும் தெளிந்த நிறக் கண்ணாடிகள் நீல ஒளியில் சிறு பங்கையே தடுப்பதால், இந்த வேலைக்கு அவை உதவா.

இந்தப் பரிசுக்கு இரண்டு வரம்புகள் இருக்கின்றன. வெளிச்சம் கடிகாரத்தைத் திருத்துவதோடு அந்த நேரத்தில் ஆளை விழிப்பாகவும் வைத்திருக்கிறது. அதை மறைத்தால் தூக்கக் கலக்கம் கூடலாம். தானே வண்டி ஓட்டி வருகிறவர், சிக்னலில் நிற்கும்போது தலை தொங்குவதை உணர்ந்தால், கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதாது, ஓரமாக நிறுத்திவிட வேண்டும். அப்படிப்பட்டவருக்குக் கண்ணாடியைவிட ஷேர் ஆட்டோவுக்கோ பேருந்துக்கோ ஆகும் ஒரு மாதச் செலவு மேலான பரிசு. அடுத்ததாக, மாதத்தில் இரண்டு மூன்று இரவுகள் மட்டும் பணி பார்த்துவிட்டுப் பகல் பணிக்குத் திரும்புகிறவரின் கடிகாரத்தை நகர்த்துவதில் பயனில்லை. நகரத் தொடங்கும்போதே திரும்ப இழுக்க வேண்டியிருக்கும். அவருக்குக் கண்ணாடி தேவையில்லை, படுக்கையறை இருட்டு மட்டுமே போதும்.

அந்த இருட்டு எவ்வளவு இருக்க வேண்டும்? தூங்கும் சூழலில் கண் மட்டத்தில் வெளிச்சம் 1 லக்ஸைத் தாண்டக் கூடாது என்று 2022-இல் இத்துறை ஆய்வாளர்கள் கூடி வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. அவர்களுடைய அளவு மெலனாப்சின் அணுக்களின் உணர்திறனைக் கொண்டு கணக்கிடப்படுவது. சாதாரண லக்ஸாகவே எடுத்துக்கொண்டாலும் நமது தேவைக்குப் பெரிய பிழை இல்லை. ஒரு மெழுகுவத்தியின் ஒளி ஒரு மீட்டர் தள்ளி விழும்போது இருப்பதுதான் ஏறத்தாழ 1 லக்ஸ். பகலில் வழக்கமான திரைச்சீலை இதன் பக்கத்தில்கூட வராது.

பிளாக்அவுட் கர்ட்டன் வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம். நான்கடிக்கு நான்கடி ஜன்னல் ஒன்று இருக்கிறது, அது திறந்திருக்கும்போது நண்பகலில் கட்டிலருகே 300 லக்ஸ் வெளிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு துளி ஒளிகூட ஊடுருவாத துணியைத் தொங்கவிட்டு, இரு பக்கமும் ஒவ்வோர் அங்குலம் இடுக்கு விட்டால், மூடாத பரப்பு ஜன்னலில் 4 விழுக்காடு. தோராயக் கணக்கில் அந்த இடுக்கு வழியே மட்டும் அறைக்குள் 12 லக்ஸ் வந்துவிடும். விலை குறைந்த, 1 விழுக்காடு ஒளியை விடும் துணியை இடுக்கே இல்லாமல் மாட்டினால் 3 லக்ஸ்தான் வரும். அதாவது, துணியின் தரத்தில் காட்டும் அக்கறையைவிட மாட்டும் விதத்தில் காட்டும் அக்கறை அதிகப் பயன் தரும்.

கடையில் துணியைச் சோதிப்பது எளிது. செல்பேசியின் டார்ச்சை எரியவிட்டுத் துணிக்குப் பின்னால் ஒட்டிப் பிடித்தால், நல்ல துணியில் வெளிச்சப் புள்ளியே தெரியாது. சுமாரானதில் நெசவின் இழைகளுக்கு இடையே நட்சத்திரங்கள்போல் மினுக்கும். தையல் ஓட்டைகளையும் அப்படியே பார்த்துவிடலாம். திரைச்சீலை ஜன்னல் சட்டத்தைவிட இரு பக்கமும் அரை அடி கூடுதலாக இருக்க வேண்டும். கம்பியின் முனைகள் சுவரை நோக்கி வளைந்திருந்தால் பக்க இடுக்கு அடைபடும்; வாடகை வீட்டில் கம்பியை மாற்ற முடியாதென்றால் துணியின் ஓரத்தைச் சுவரோடு ஒட்ட வெல்க்ரோ பட்டை போதும். பரிசு கொடுப்பவர் துணியோடு நின்றுவிடாமல், ஒரு விடுமுறையில் போய் அதை மாட்டியும் கொடுத்தால் பரிசு முழுமையாகும். மாட்டிய பிறகு நண்பகலில் கதவை மூடி ஐந்து நிமிடம் உள்ளே இருந்து, முகத்துக்கு முன் நீட்டிய கையின் விரல்களை எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ண முடிந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. பெரும்பாலும் கதவின் அடியில், அல்லது திரைக்கும் கூரைக்கும் நடுவே.

நமது ஊரில் மூடிய ஜன்னல் இன்னொரு தொல்லையைக் கொண்டுவரும். தூக்கத்துக்கு உடலின் உள்வெப்பம் குறைய வேண்டும். மொட்டை மாடிக்கு அடியில் இருக்கும் அறையில் மே மாதப் பகலில் அது எளிதல்ல. திரைச்சீலை ஒளியை மறித்தாலும், கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெப்பத்தின் பெரும்பகுதி அறைக்குள்ளேயே தங்கும். ஜன்னலுக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டியைத் தொங்கவிட்டால், வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே தடுக்கப்படும். விடுதியில் தங்கியிருப்பவருக்கு இவையெல்லாம் சாத்தியமில்லை. அவருக்குக் கண்ணின் மேல் அழுத்தாமல் குழிவாக வளைந்து, மூக்கின் இரு ஓரமும் பொருந்தும் கண்மறைப்புப் பட்டை தரலாம். வியர்க்கும் என்பதால் உள்பக்கம் பருத்தியாக இருக்கட்டும், மாற்றிப் போட இரண்டாகவும் இருக்கட்டும்.

சத்தத்தைப் பொறுத்தவரை, ஒரே சீராக இருக்கும் ஒலியைவிடத் திடீரென்று எழும் ஒலியே தூக்கத்தைக் கலைக்கிறது. குக்கர் விசில், குப்பை வண்டியின் பாட்டு, காலிங் பெல் ஆகியவை எல்லாம் அந்த வகை. ஸ்பாஞ்சு போன்ற காதடைப்பான்களை விரலால் மெல்லியதாக உருட்டி, காது மடலை மேல்நோக்கி இழுத்து உள்ளே விட்டு, விரிந்து அடைக்கும் வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். பயனில்லை என்று சொல்பவர்களில் பலர் இதைச் செய்வதில்லை. மேசை மின்விசிறியின் இரைச்சல் மற்ற ஒலிகளை ஓரளவு அமிழ்த்திவிடும். காலிங் பெல்லுக்கு மட்டும் ஒரு தனி சுவிட்ச் வைத்துக் கொடுக்கச் சொல்லி எலெக்ட்ரீஷியனுக்குப் பணம் கொடுப்பது, என் கணிப்பில், மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பயன் தரும் பரிசு.

காபித்தூள்தான் கொடுப்பேன் என்பவருக்கும் தடையில்லை. காஃபீனின் பாதி அளவு உடலைவிட்டு நீங்க ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகிறது. படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்துக்கொண்டாலும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததாக 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஒன்பதரைக்குப் படுக்கும் நமது செவிலியர் கடைசிக் காபியை இரவு 2 மணிக்குள் முடித்துக்கொள்வது உத்தமம்.

இணையத்தில் வாங்கி நேரடியாக அவர் முகவரிக்கு அனுப்ப நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூரியர்காரர் பெரும்பாலும் பகல் பதினொரு மணிக்கு வந்து மணியடிப்பார், எடுக்காவிட்டால் செல்பேசியிலும் அழைப்பார். உங்கள் வீட்டு முகவரிக்கு வரவழைத்து, மாலை ஐந்து மணிக்கு மேல் கொண்டுபோய்க் கொடுங்கள்.