“எல்லாரும் வரவும்” என்றால் எல்லாரும்தான்

போன மாதம் மட்டும் நான்கு பேரைக் கையெழுத்து வாங்காமலே திருப்பி அனுப்பினேன். நால்வருமே வங்கியிலிருந்தும் எங்கள் அலுவலகத்திலிருந்தும் வந்த செய்தியின் முதல் வரியைப் படித்திருக்கிறார்கள். அதில் தேதியும் நேரமும் இருந்தன. அதோடு போனை மூடிவிட்டார்கள். யார் வர வேண்டும், எதைக் கொண்டுவர வேண்டும் என்பது இரண்டாவது, மூன்றாவது வரிகளில் இருந்தது.

நான் பினாங்கில் வீட்டுக் கடன் பத்திரங்கள் பார்க்கும் லோயர். வங்கி கடனுக்கு ஒப்புதல் தந்ததும் கடன் ஒப்பந்தத்தையும் அடமானப் பாரத்தையும் தயார் செய்வது எங்கள் வேலை. எல்லாம் தயாரானதும் இப்படி ஒரு வாட்சாப் போகும்:

“வியாழக்கிழமை காலை 10.30. கடன் வாங்குபவர் இருவரும், கிராண்டில் பெயர் உள்ள அனைவரும் நேரில் வரவும். அசல் ஐசி, அசல் கிராண்ட், இந்த ஆண்டின் நிலவரி ரசீது, கடைசி கதவு வரி ரசீது கொண்டுவரவும்.”

மூன்று வரிச் செய்திதான். ஒரு குடும்பம் இதை எப்படிப் புரிந்துகொண்டது என்று சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வீடு ஆயர் ஈத்தாமில். 1988இல் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வாங்கியது. பழைய கடன் எப்போதோ அடைந்துவிட்டது. அப்பா இறந்த பிறகு அவருடைய பாதி முறைப்படி மகன் பெயருக்கு மாறியது. மறுபாதி இன்னும் அம்மா பெயரில்தான். இப்போது பின்கட்டை இடித்துக் கட்ட மகனும் மருமகளும் சேர்ந்து 300,000 ரிங்கிட் கடன் கேட்டார்கள், வங்கியும் கொடுத்தது. வியாழக்கிழமை 10.30க்கு மகனும் மருமகளும் சரியாக வந்து உட்கார்ந்தார்கள். அம்மா இல்லை. ஈப்போவில் மகள் வீட்டில் பிரசவம் பார்க்கப் போயிருக்கிறாராம்.

“அம்மா வாங்கின கடன் இல்லையே லோயர், அவங்க எதுக்கு?”

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. கடனைத் திருப்பிக் கட்டப்போவது ஒருவர், வீட்டை ஈடாக வைப்பது இன்னொருவர் என்பது நம் வீடுகளில் சாதாரணம். மகன் சம்பாதிக்கிறார், அதனால் கடன் அவர் பெயரில். வீட்டில் பாதி அம்மாவுடையது. அந்தப் பாதியை வங்கிக்கு ஈடாக வைக்க அம்மா ஒருவரால்தான் முடியும். மகன் எத்தனை இடத்தில் கையெழுத்துப் போட்டாலும் அது அவருடைய பாதிக்குத்தான் செல்லும். தேசிய நிலச் சட்டத்தின்படி அடமானத்துக்கு உள்ளது 16ஏ என்ற பாரம். அதில் நிலத்தின் சொந்தக்காரராகப் பதிவாகியிருக்கும் ஒவ்வொருவரும் கையெழுத்திட்டால்தான் முழு வீட்டுக்கும் அடமானம் பதியும். பாதி வீட்டை ஈடாக எடுத்துக்கொண்டு முழுக் கடனையும் தர எந்த வங்கிக்குப் பைத்தியம்?

ஆகவே செய்தி வந்ததும் “யார் கடன் வாங்குகிறார்கள்” என்று மட்டும் யோசிக்காதீர்கள். கிராண்டை எடுத்து யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வங்கியின் ஒப்புதல் கடிதத்தில் ஜாமீன்தாரர் என்று யாராவது இருந்தால் அவரும் வர வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் வந்தாக வேண்டும் என்பதில்லை. ஒருவர் வியாழக்கிழமையும் இன்னொருவர் சனிக்கிழமை காலையும் வரலாம், முன்கூட்டியே சொன்னால் போதும். சொல்லாமல் வருவதுதான் சிக்கல்.

அடுத்து அந்த மகன் கேட்டதுதான் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது. “அப்போ பேப்பரை மட்டும் குடுங்க. நான் ஈப்போ போய் அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு நாளைக்கு வந்துடுறேன்.” நல்ல மனிதர். ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. ஆனாலும் முடியாது, கறாராகவே முடியாது.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லோயர் ஏதோ வீம்புக்குச் செய்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த 16ஏ பாரத்தில் உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்துக்கும் ஓர் இடம் உண்டு. நான் அங்கே வெறும் சாட்சியாக முத்திரை குத்துவதில்லை. இந்தக் கையெழுத்து என் முன்னிலையில் போடப்பட்டது, போட்டவர் இன்னார்தான், அவர் வயது வந்தவர், தம் விருப்பத்தோடு போட்டதாக என்னிடம் ஒப்புக்கொண்டார் என்று நான் எழுத்தில் உறுதி சொல்கிறேன். ஈப்போவில் ஒரு சமையலறை மேசையில் போட்ட கையெழுத்துக்கு இங்கே உட்கார்ந்துகொண்டு அப்படி எழுதினால் நான் சொல்வது பொய். பிறகு ஒரு நாள் வீடு ஏலத்துக்கு வந்து, “நான் போடவே இல்லை” என்று அம்மா நீதிமன்றத்தில் சொன்னால் அந்த அடமானமே ஆட்டம் காணும். என் தொழிலும் போகும். இந்த விதி வங்கிக்குப் பயன்படுவதைவிட அந்த அம்மாவுக்குத்தான் அதிகம் பயன்படுகிறது. தமக்குத் தெரியாமல் வீடு அடமானம் போன அம்மாக்களின் வழக்குகளையும் நாங்கள் பார்க்கிறோம்.

வரவே முடியாது என்றால் வழி இல்லாமல் இல்லை. ஈப்போவிலேயே ஒரு லோயர் முன்னிலையில் போடலாம். சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருந்தால் மலேசியத் தூதரகத்திலோ அங்குள்ள நோட்டரி முன்னிலையிலோ போடலாம். பத்திரங்களை நாங்களே அனுப்புவோம். ஆனால் அதை எங்களிடம் முதலிலேயே சொல்ல வேண்டும், வங்கியும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதிகாரப் பத்திரம் எழுதித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். அதில் வீட்டை அடமானம் வைக்கும் அதிகாரம் தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். உயர் நீதிமன்றத்திலும் பதிவு செய்திருக்க வேண்டும். காரை விற்கக் கொடுத்த பழைய பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, அம்மா அடுத்த வாரம் வந்தார். கிராண்டை ஒரு மைலோ டின்னில் சுருட்டி வைத்துக் கொண்டுவந்திருந்தார். செய்தியில் கேட்ட மற்ற எல்லாவற்றையும் இந்த முறை மகன் சரிபார்த்திருந்தார். ஆனால் அம்மாவின் ஐசி வீட்டில் இருக்கிறது, போனில் படம் இருக்கிறது என்றார். படம் போதாது என்று சொல்ல மனம் வரவில்லை, சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. முன்னால் உட்கார்ந்திருப்பவர் இன்னார்தான் என்று நான் எழுதித் தர வேண்டும், அதற்கு அசல் ஐசியும் அதிலிருக்கும் முகமும் என் கையில் இருக்க வேண்டும். மகன் மோட்டாரில் போய் எடுத்துவந்தார். நாற்பது நிமிடம்.

ஐசி வந்த பிறகுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. கிராண்டில் “Lakshmi a/p Periasamy” என்றும் பழைய ஐசி எண்ணும் இருக்கின்றன. ஐசியில் “Letchumy a/p Periasamy”, எண்ணும் பன்னிரண்டு இலக்கப் புது எண். நம்மவர்களுக்கு இது புதிதல்ல. பதிவு செய்த கிராணிக்கு எந்த எழுத்து தோன்றியதோ அதுவே நம் பெயர். ஆனால் நில அலுவலகக் கவுண்டருக்கு லட்சுமி ஒருவர், லெட்சுமி வேறொருவர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியப் பிரமாணம் எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் அம்மா கையெழுத்திட வேண்டும். பழைய எண்ணும் புது எண்ணும் ஒருவருடையதே என்று பதிவிலாகாவிலும் உறுதி வாங்க வேண்டும். பெரிய வேலை இல்லை, ஆனால் நாள் பிடிக்கும். அன்று பத்திரங்கள் நகரவில்லை.

இதை வீட்டிலேயே கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். செய்தி கிடைத்த அன்றே ஐசியையும் கிராண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். a/l, a/p விட்டுப்போயிருக்கிறதா, அப்பா பெயரில் ஓர் எழுத்து கூடியிருக்கிறதா, எண் பழையதா என்று பாருங்கள். ஏதாவது வித்தியாசம் இருந்தால் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். நாங்கள் சத்தியப் பிரமாணத்தை முன்கூட்டியே அடித்து வைத்துவிடுவோம். பழைய ஐசியின் நகல் எங்காவது கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது முறை எல்லாம் சரியாக இருந்தது. அம்மா தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவர், தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். தாராளமாகப் போடலாம், வெட்கப்பட வேண்டாம் என்றேன். பாரம் மலாயில், ஒப்பந்தம் ஆங்கிலத்தில். அவர் பேனாவை எடுக்காமல் என்னைப் பார்த்து, “இதுல போட்டா வீட்டை எழுதிக் குடுத்த மாதிரியாப்பா?” என்று கேட்டார். இரண்டு வருகைக்குப் பிறகு யாரோ ஒருவர் கேட்ட சரியான கேள்வி அது. மகனையும் மருமகளையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தமிழில் விளக்கினேன். வீடு உங்களுடையதாகவே இருக்கும், ஆனால் மகன் மாதத் தவணை கட்டாமல் விட்டால் வங்கி உங்கள் பாதியையும் சேர்த்து ஏலம் விடலாம், உங்களுக்கு அதில் ஒரு காசு கடன் இல்லாவிட்டாலும் விடலாம் என்றேன். நான் வங்கிக்காக வேலை செய்பவன், வேறொரு லோயரிடம் கேட்டுக்கொள்ள விரும்பினால் கேளுங்கள், அதற்காக நேரம் தருகிறேன் என்றும் சொன்னேன். சிறிது நேரம் யோசித்தார். பிறகு நிதானமாக, ஒவ்வொரு பக்கத்திலும் லெட்சுமி என்று எழுதினார்.

கடன் ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி 0.5 சதவீதம், 300,000க்கு 1,500 ரிங்கிட். அதைக் கட்டி, அடமானத்தைக் கொம்தாரில் உள்ள நில அலுவலகத்தில் பதிவுக்குக் கொடுத்தோம். அதற்குள் மூன்று வாரம் போயிருந்தது. கட்டட கொந்திரெக்டர் முன்பணத்துக்கு நெருக்க, மகன் கடன் அட்டையில் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்த வட்டியை நான் கணக்குப் போட்டுக் காட்டவில்லை.

இன்னொன்று, சுருக்கமாக. இப்போது போலிச் செய்திகளும் இதே மாதிரி வருகின்றன. கையெழுத்துக்கு வரச் சொல்லும் செய்தி டிஏசி எண் கேட்காது, கார்டு பின் கேட்காது. லோயர் கட்டணமோ முத்திரை வரியோ கேட்டால் அது நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் போகும், தனி ஆள் பெயரில் உள்ள கணக்குக்குப் போகாது. சந்தேகம் வந்தால் செய்தியில் இருக்கும் எண்ணை அழைக்காமல், ஒப்புதல் கடிதத்தில் இருக்கும் கிளையின் எண்ணை அழைத்துக் கேளுங்கள். பணம் போட்டுவிட்டீர்கள் என்றால் உடனே 997ஐ அழையுங்கள், மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

அப்புறம், கையெழுத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி வாருங்கள். காரை மஞ்சள் கோட்டில் விட்டுவிட்டு வந்தால் நீங்கள் அவசரப்படுவீர்கள், நான் விளக்க நேரமிருக்காது. வயதானவர்களின் மூக்குக் கண்ணாடியையும் மறக்க வேண்டாம்.