பணம் பிடிக்கப்பட்டது, சலான் இன்னும் ‘INITIATED’: உடனே இரண்டாவது சலான் போடாதீர்கள்

சென்ற மாதம் 20ஆம் தேதி இரவு ஒன்பதே முக்கால் மணிக்கு, பிராட்வேயில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் என் வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “சார், ரிட்டன் போட்டுட்டேன். ஆனா ஜிஎஸ்டி ரெண்டு தடவை கட்டிட்டேன்” என்றார். மாலை ஆறரை மணிக்கு நெட் பேங்கிங் வழியாக 1,12,400 ரூபாய் கட்டியிருக்கிறார். வங்கிக் கணக்கில் பணம் பிடிக்கப்பட்டுக் குறுஞ்செய்தியும் வந்துவிட்டது. ஆனால் ஜிஎஸ்டி தளத்தில் சலான் ‘INITIATED’ என்ற நிலையிலேயே நின்றது. கடைசி நாளாயிற்றே என்ற பதற்றத்தில், பக்கத்துக் கடைக்காரரிடம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு அதே தொகையைக் கைமாற்றாக வாங்கி, வேறொரு வங்கி வழியாகப் புதுச் சலான் போட்டுக் கட்டியிருக்கிறார். இந்த ஆண்டில் என்னிடம் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். மூன்று பேருக்குத் தனித்தனியாகச் சொன்னதை இப்போது எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

இவர்கள் நால்வரும் ஒன்றையே நம்பினார்கள்: சலானில் காட்டவில்லையென்றால் அந்தப் பணம் அரசுக்குப் போகவில்லை, நடுவில் எங்கோ தொலைந்துவிட்டது. இது தவறு. உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்படுவது ஒரு நிகழ்வு. அந்தச் செய்தி ஜிஎஸ்டி தளத்துக்குச் சென்று சேர்வது வேறொரு நிகழ்வு. நீங்கள் சலான் உருவாக்கும்போது தளம் CPIN என்ற 14 இலக்க எண்ணைத் தருகிறது. பணம் அரசுக் கணக்கில் வரவானதும் வங்கி CIN என்ற எண்ணை உருவாக்கித் தளத்துக்கு அனுப்புகிறது. அந்த CPIN எண்ணோடு வங்கிக்கான மூன்று எழுத்துக் குறியீடு சேர்ந்ததுதான் அது. CIN வந்த பிறகுதான் சலான் ‘PAID’ என்று மாறும், உங்கள் மின்னணு ரொக்கப் பேரேட்டிலும் தொகை ஏறும். பெரும்பாலான வழக்குகளில் பணம் போய்ச் சேர்ந்திருக்கும், தாமதப்படுவது CIN மட்டும்தான். மீதமுள்ள வழக்குகளில் பரிமாற்றமே முடியாமல், வங்கி பணத்தை உங்கள் கணக்கிலேயே திருப்பி வரவு வைத்திருக்கும். என் மேசைக்கு வந்த வழக்குகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் முடிந்திருக்கின்றன.

சட்டமும் இந்த நிலையை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. கணக்கில் பணம் பிடிக்கப்பட்டும் CIN உருவாகாவிட்டாலோ, உருவாகியும் தளத்துக்குத் தெரிவிக்கப்படாவிட்டாலோ, PMT-07 என்ற படிவத்தில் முறையிடலாம் என்று ஜிஎஸ்டி விதி 87 சொல்கிறது. வங்கி CIN அனுப்பத் தவறினாலும், ரிசர்வ் வங்கியின் மின் பட்டியலில் உள்ள விவரம் சலானோடு பொருந்தினால் அதைக் கொண்டே பேரேட்டை நிரப்பலாம் என்று 2022இல் அதே விதியில் சேர்த்தார்கள். வங்கிக் கிளையில் “எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது” என்று கைவிரிக்கும்போது இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் பயத்துக்கும் தொகைக்கும் இங்கே சம்பந்தமே இல்லை. பிராட்வே வாடிக்கையாளரின் முதல் சலான் 23ஆம் தேதி ‘PAID’ ஆனது. அதில் பணம் செலுத்திய நாளாகப் பதிவாகியிருந்தது 20ஆம் தேதிதான், ஏனெனில் அரசுக் கணக்கில் வரவான நாளே செலுத்திய நாளாகக் கொள்ளப்படும். இரண்டாவது சலான் போடாமல் அவர் காத்திருந்து 23ஆம் தேதி GSTR-3B ரிட்டன் தாக்கல் செய்திருந்தால், தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய் வீதம் மூன்று நாளுக்கு 150 ரூபாய். வட்டி கிடையாது. கெடு நாளுக்குள் பேரேட்டில் வரவாகி, தாக்கல் செய்யும்வரை அங்கேயே இருந்த தொகைக்கு வட்டி கணக்கிடக் கூடாது என்று 2024 ஜூலையில் விதி 88பி திருத்தப்பட்டுவிட்டது. ஒருவேளை வங்கி பணத்தைத் திருப்பியிருந்து, 23ஆம் தேதி மறுபடி கட்டியிருந்தாலும், ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் மூன்று நாளுக்கு 166 ரூபாய் சேர்ந்து மொத்தச் செலவு 316 ரூபாய்தான். அவரோ கைமாற்றுக்கு ஒரு மாத வட்டியாக 2,248 ரூபாய் கொடுத்தார்.

எனவே பணம் பிடிக்கப்பட்டும் சலான் மாறவில்லையென்றால், முதலில் தளத்தில் நுழைந்து ‘Services’, ‘Payments’, ‘Challan History’ என்ற வரிசையில் சென்று, அந்த CPIN எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து, பிடித்த பணம் அதே நாளிலோ மறுநாளிலோ திரும்ப வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். குறுஞ்செய்தியை மட்டும் நம்ப வேண்டாம், திருப்பி வரவு வைத்ததற்கு எல்லா வங்கியும் செய்தி அனுப்புவதில்லை. 24 மணி நேரம் கடந்தும் இரண்டு இடத்திலும் மாற்றமில்லையென்றால் ‘Grievance against Payment’ பக்கத்தில் PMT-07 படிவத்தை நிரப்புங்கள். CPIN, தொகை, வங்கியின் பெயர், வங்கி தந்த பரிவர்த்தனை எண் ஆகியவை போதும். வங்கிக் கிளைக்கு எழுதும்போது “என் பணம் எங்கே” என்று கேட்காதீர்கள். “இந்த CPIN எண்ணுக்கு CIN உருவாக்கப்பட்டதா, ஆம் எனில் அந்த எண் என்ன” என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். முதல் கேள்விக்கு மன்னிப்புதான் வரும், இரண்டாவதற்குப் பதில் வந்தே ஆக வேண்டும்.

நெஃப்ட் அல்லது ஆர்டிஜிஎஸ் வழியாகக் கட்டியவர்களின் நிலை சற்று வேறு. வங்கி கொடுத்த யுடிஆர் எண்ணைத் தளத்தில் அந்தச் சலானோடு நீங்களே இணைக்க வேண்டியிருக்கலாம். அதைச் செய்யாமல் ஒரு வாரம் வங்கியைத் திட்டிக்கொண்டிருந்தவரையும் எனக்குத் தெரியும்.

இரண்டாவது முறை கட்டுவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. தொகை நாலாயிரம், ஐயாயிரம் என்றால், கையில் பணமும் இருந்தால், கட்டிவிட்டுத் தாக்கல் செய்யுங்கள். ஏற்கெனவே ரிட்டன் நிலுவையில் இருந்து, அதனால் உங்களிடம் சரக்கு வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு தடைபட்டு நின்றாலும் கட்டலாம். கூடுதலாக ஏறிய தொகை உங்கள் ரொக்கப் பேரேட்டிலேயே இருக்கும், அடுத்த மாத வரிக்குப் பயன்படுத்தலாம், அல்லது RFD-01 படிவம் வழியாகத் திரும்பக் கேட்கலாம். வருமான வரியில் இப்படித் தனியாகத் திரும்பக் கேட்க முடியாது. அங்கே இரண்டு முறை கட்டினால், அதிகப்படியான தொகையை அந்த ஆண்டுக்கான ரிட்டனில் காட்டி, அது பரிசீலிக்கப்பட்ட பிறகுதான் திரும்பப் பெற முடியும். முன்வரி கட்டும்போது இப்படி நடந்தால், திரும்பப் பெறப் பல மாதங்கள் காத்திருக்க நேரலாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இணையத்தில் ‘வாடிக்கையாளர் சேவை எண்’ தேடி, முதலில் கிடைத்த எண்ணை அழைக்காதீர்கள். “பணத்தை ரிவர்ஸ் செய்கிறேன், இந்தச் செயலியை இறக்குங்கள், ஓடிபியைச் சொல்லுங்கள்” என்று கேட்பவர் வங்கியும் அல்ல, வரித் துறையும் அல்ல. சொல்லிவிட்டீர்களென்றால் தாமதிக்காமல் இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அழையுங்கள்.

பிராட்வே வாடிக்கையாளரின் பேரேட்டில் மிஞ்சிய 1,12,400 ரூபாயில் இந்த மாத வரி 71,000 போயிற்று, மீதம் அடுத்த மாதத்துக்கு இருக்கிறது. 20ஆம் தேதி மாலையில் கட்டுவதை விட்டு 17ஆம் தேதியே கட்டச் சொல்லியிருக்கிறேன். “பாக்கி வசூலாகணுமே சார்” என்கிறார்.