சத்தம் வருகிறது, சொல் வரவில்லை

"கருவியில்தான் கோளாறு. வேறு தாருங்கள்" என்றார் மனைவி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் ஆமோதித்துத் தலையாட்டினார். தையற்காரர். புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுவதுமாக அகற்றி, கதிர்வீச்சும் முடித்து வந்திருந்தார். எலக்ட்ரோலாரிங்ஸ் என்னும் செயற்கைக் குரல் கருவியைக் கழுத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் அறை முழுக்க ரீங்காரம் கேட்டது, சொல் மட்டும் கேட்கவில்லை. கருவியை வாங்கி என் கழுத்தில் வைத்து, வாயை மட்டும் அசைத்துப் பத்து வரை எண்ணிக் காட்டினேன். ஒவ்வொரு எண்ணும் தெளிவாகக் கேட்டது.

கருவியில் கோளாறில்லை. ஒலி உள்ளே போகாமல் வெளியே சிதறியதுதான் பிரச்சினை.

குரல்வளையை எடுத்த பிறகு நுரையீரல் காற்று வாய்க்கு வராது. கழுத்தின் அடியில் அமைத்த துளை வழியாகவே போய் வரும். அதனால் கிசுகிசுப்பாகப் பேசக்கூட மூச்சு கிடைக்காது. ஆனால் நாக்கு, உதடு, பல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குத் தேவை ஓர் ஒலி. கருவியின் அதிரும் முனை அந்த ஒலியைத் தோல் வழியாகத் தொண்டைக்குள் அனுப்புகிறது. அதைச் சொல்லாக வடிப்பது வாயின் வேலை.

கதிர்வீச்சு பட்ட கழுத்து சிலருக்கு மரப்பலகை போல இறுகிவிடும், சிலருக்கு வீங்கியிருக்கும். அங்கே ஒலி ஊடுருவாது. எனவே முதலில் விரல் நுனியால் அவர் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். வலப்பக்கம் முழுதும் கெட்டி. இடப்பக்கம், தாடை எலும்புக்குச் சற்றுக் கீழே, ஒரு நாணயம் அளவு இடம் மென்மையாக இருந்தது. அங்கே முனையை, ஓரம் தூக்காமல் முழு வட்டமும் தோலில் படும்படி வைத்து, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று வாயசைக்கச் சொன்னேன். அரை சென்டிமீட்டர் நகர்த்தி மறுபடியும். நான்காவது முயற்சியில் ரீங்காரம் சட்டென்று அடங்கி, "மூன்று" கேட்டது. மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து அனுப்பினேன்.

கழுத்தில் அப்படி ஓர் இடமே கிடைக்காவிட்டால் கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம். அதுவும் சரிவராதவர்களுக்கும், தையல் ஆறாத நிலையில் இருப்பவர்களுக்கும், முனையில் சிறு குழாயைப் பொருத்தி வாயோரம் வழியாக உள்ளே வைக்கும் வழி உண்டு. குழாயின் நுனி நாக்கில் அழுந்தினாலோ எச்சிலில் அடைத்துக்கொண்டாலோ பேச்சு மங்கிவிடும்.

அடுத்த வாரம் அவர் மீண்டும் வந்தபோது வேறு இரண்டு சிக்கல்கள். பொத்தானை அழுத்தியபடியே இருந்ததால் வாக்கியங்களுக்கு நடுவிலும் ரீங்காரம் ஓடியது. சொற்றொடர் தொடங்கும்போது அழுத்தி, முடிந்ததும் விடப் பழக்கினேன். மற்றொன்று மூச்சு. சத்தமாகப் பேசும் பழைய வழக்கத்தில் அவர் மூச்சைத் தள்ள, துளையிலிருந்து 'புஸ்' என்று எழுந்த காற்று சொல்லை விழுங்கியது. துளைக்கு எதிரே உள்ளங்கையைப் பிடித்து, கையில் காற்று படாமல் பேசச் சொன்னேன். இது மட்டும் பழக மூன்று வாரம் ஆயிற்று.

இந்தக் கருவியில் 'பல்' என்பதில் வரும் 'ப' ஒலிக்கும் 'அம்பு' என்பதில் வரும் அதன் அதிர்வொலிக்கும் வேறுபாடு மங்கிவிடும். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் நமக்கு இழப்பு குறைவு என்று வேடிக்கையாகச் சொல்வேன். 'ஹ' தான் உண்மையிலேயே கடினம். அதற்கு வேண்டிய மூச்சு வாயில் இல்லையே.

பேச்சு தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இரண்டு கையும் வேண்டுமே, என்ன செய்வது?"

கருவியில்லாத வழிகள் இரண்டு. ஒன்று, வாய்க் காற்றை உணவுக்குழாய்க்குள் இறக்கி, ஏப்பம் போல மேலெழுப்பிப் பேசுவது. கை வேண்டாம், செலவில்லை. ஆனால் பழக மாதக்கணக்கில் ஆகும், எல்லோருக்கும் கைகூடாது. மற்றொன்று, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே சிறு துளையிட்டுப் பொருத்தும் குரல் வால்வு. கழுத்துத் துளையை விரலால் மூடினால் நுரையீரல் காற்று வால்வு வழியாகப் போய்த் தொண்டைச் சதையை அதிரவைக்கும். மூன்றில் இயல்பான குரலுக்கு நெருக்கமானது பெரும்பாலும் இதுதான். விரலுக்குப் பதிலாகத் தானே மூடிக்கொள்ளும் மூடியும் உண்டு, எல்லாக் கழுத்திலும் அது ஒட்டி நிற்காது.

ஆனால் வால்வு தேயும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் குடித்தவுடன் இருமல் வந்தால் கசிவு என்று சந்தேகிக்கலாம். நிறமூட்டிய தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, டார்ச் அடித்துத் துளைக்குள் பார்ப்போம். வால்வின் நடுவில் நிறம் தெரிந்தால் அதை மாற்ற வேண்டும். விளிம்பைச் சுற்றிக் கசிந்தால் அளவோ திசுவோ காரணம். வால்வு கழன்று விழுந்தால் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். துளை விரைவில் சுருங்கிவிடும், வால்வு மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கவும் கூடும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் கருவியே போதும் என்றார். அளவெடுக்கும்போது நாடாவைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும், அப்போது பேச மாட்டாராம். எழுதிக்கொண்ட பிறகு கருவியை எடுத்து, "கைநீளம் இவ்வளவு போதுமா?" என்று கேட்பாராம்.